பாட்டில் எத்தனை முறை தெரிந்தது?

2021 ஜூன் 14. யூரோ கால்பந்துப் போட்டியில் ஹங்கேரியை எதிர்கொள்வதற்கு முந்தைய நாள், புடாபெஸ்டில் பத்திரிகையாளர்கள் முன் வந்து உட்கார்ந்தார் போர்ச்சுகல் அணியின் கிறிஸ்டியானோ ரொனால்டோ. மேஜையில் அவருக்கு எதிரே இரண்டு கோகோ கோலா பாட்டில்கள் இருந்தன. இரண்டையும் எடுத்துக் கேமராவுக்கு எட்டாத தூரத்தில் வைத்தார். பிறகு தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டி, போர்ச்சுகீசிய மொழியில் 'தண்ணீர்' என்றார். அடுத்த நாள் பிரான்ஸின் பால் போக்பா, தன் முன்னால் இருந்த ஹைனெகன் பாட்டிலைக் கீழே இறக்கி வைத்தார். பந்தயத்தை நடத்திய யூஇஎஃப்ஏ, ஸ்பான்சர்களிடம் அணிகளுக்குக் கடமை இருக்கிறது என்று நினைவுபடுத்த வேண்டியதாயிற்று.

ஒரு பாட்டில் சில வினாடிகள் திரையில் தெரிவதற்கா இவ்வளவு அமர்க்களம் என்று தோன்றலாம். அந்த வினாடிகளுக்குத்தான் பணம். நிகழ்ச்சி முடிந்ததும் ஸ்பான்சருக்கு ஓர் அறிக்கை போகும்: உங்கள் பொருள் இத்தனை முறை, இத்தனை வினாடி திரையில் வந்தது. முன்பெல்லாம் ஒருவர் ஸ்டாப்வாட்சும் நோட்டுமாக உட்கார்ந்து வீடியோ முழுவதையும் பார்த்துத்தான் இதை எழுத வேண்டும். இப்போது அந்த வேலையில் பெரும்பகுதியை, படத்தில் இருக்கும் பொருளை அடையாளம் காணும் கணினி மாடல்களிடம் விட்டுவிடுகிறார்கள். 'யோலோ' என்று அழைக்கப்படும் வகை அதில் பிரபலம். ஜோசப் ரெட்மனும் உடன் உழைத்தவர்களும் அதை முதலில் வெளியிட்டது 2015-இல். ஒரு படத்தைக் கொடுத்தால் பொருளைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு, அது என்ன பொருள், தனக்கு எவ்வளவு நிச்சயம் என்பதை 0 முதல் 1 வரையிலான ஓர் எண்ணாகவும் சொல்லும்.

முதல் பள்ளம் இங்கேயே இருக்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் யோலோ மாடல்கள் பெரும்பாலும் 'கோகோ' என்ற படத்தொகுப்பில் பயின்றவை. பெயரைப் பார்த்துக் குளிர்பானத்தோடு முடிச்சுப் போட வேண்டாம், இரண்டுக்கும் சம்பந்தமில்லை. அந்தத் தொகுப்பு 80 வகைப் பொருள்களைத்தான் பிரித்துச் சொல்லும். பாட்டில் அதில் ஒரு வகை, எந்த நிறுவனத்துப் பாட்டில் என்பது அதற்குத் தெரியாது. புடாபெஸ்ட் காட்சியை அப்படியே கொடுத்திருந்தால், ரொனால்டோ வெற்றிக்கொடி போலத் தூக்கிப் பிடித்த தண்ணீரையும் 'பாட்டில்' என்று சேர்த்து எண்ணியிருக்கும்.

மனிதர்களுக்கும் இதே சறுக்கல் உண்டு. 2019 மே மாதம் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில் அரண்மனை விருந்து மேஜையில் ஒரு காகிதக் காபிக் கோப்பை தெரிந்துவிட்டது. பார்த்தவர்கள் பெரும்பாலோர் அது ஸ்டார்பக்ஸ் கோப்பை என்றே பேசினார்கள். உண்மையில் அது படப்பிடிப்புக் குழுவுக்கு வழங்கப்பட்ட சாதாரணக் கோப்பை.

ஆகவே ஸ்பான்சரின் பொருளை மாடலுக்குத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஒரு கற்பனை நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். 22 நிமிடச் சமையல் நிகழ்ச்சி, ஸ்பான்சர் ஒரு நல்லெண்ணெய் நிறுவனம். பழைய எபிசோடுகளிலிருந்து பாட்டில் தெரியும் சில நூறு படங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் கையால் கட்டம் வரைய வேண்டும். லேபிள் நேராகத் தெரிவது, முதுகு காட்டி நிற்பது, பாதி கையால் மறைந்தது என எல்லா நிலையும் வேண்டும். போட்டி நிறுவனத்துப் பாட்டில் மட்டும் உள்ள படங்களும் கட்டமே வரையாமல் கலந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மஞ்சள் நிறத்தில் உயரமாக எது நின்றாலும் நல்லெண்ணெய்தான் என்று மாடல் முடிவுகட்டிவிடும்.

அவசரக்காரர்கள் ஒரு தவறு செய்வார்கள். ஒரே எபிசோடின் படங்களைக் கலைத்துப்போட்டு, பாதியைப் பயிற்சிக்கும் மீதியைத் தேர்வுக்கும் வைப்பார்கள். வீடியோவில் அடுத்தடுத்த ஃபிரேம்கள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். வினாத்தாளை முதல் நாளே கையில் கொடுத்துவிட்டுத் தேர்வு வைத்த கதைதான், மதிப்பெண் நூற்றை நெருங்கும். தேர்வுக்கு மாடல் கண்ணிலேயே படாத வேறொரு எபிசோடை ஒதுக்கி வைக்க வேண்டும்.

மாடல் தயார். இனி எண்ண வேண்டியதுதானே?

22 நிமிடம் என்றால், வினாடிக்கு 25 ஃபிரேம் வீதம் 33,000 ஃபிரேம். எல்லாவற்றையும் பார்க்கத் தேவையில்லை. வினாடிக்கு 5 போதும் என்று வைத்தால் 6,600 ஆகிறது. நம் உதாரணத்தில் மாடல் அவற்றில் 1,610 ஃபிரேம்களில் பாட்டிலைக் கண்டது. 330 ஃபிரேம்களில் அடுப்பருகே ஒன்றும் பின்னால் அலமாரியில் ஒன்றுமாக இரண்டு பாட்டில்கள். மொத்தக் கட்டங்கள் 1,940. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் 'உங்கள் பொருள் 1,940 முறை தோன்றியது' என்று அறிக்கையில் எழுதிவிடும் ஆபத்து இந்த இடத்தில்தான். வினாடிக்குப் பத்து ஃபிரேம் பார்த்திருந்தால் இதே எண் கிட்டத்தட்ட இரட்டிப்பாகியிருக்கும். நிகழ்ச்சியில் ஒன்றும் மாறாமலே!

பார்க்கிறவர் கண்ணுக்கு ஒரு தோற்றம் என்பது பாட்டில் வந்து, இருந்து, மறைவது. அடுத்தடுத்த ஃபிரேம்களில் விடாமல் தெரிந்ததை ஒரே தொடராகக் கோத்தால் 1,940 என்பது 74 ஆகிறது. அதுவும் அதிகம்தான். ஏன் என்று ஒரு காட்சியில் பார்க்கலாம். 6 நிமிடம் 10 வினாடியில் சமைப்பவர் தாளிக்கப் பாட்டிலை எடுக்கிறார். 11.4-வது வினாடி வரை மாடல் அதைக் காண்கிறது. அப்போது விரல்கள் லேபிளை மூடுகின்றன, பாட்டில் சாய்கிறது, கையசைவில் படம் கலங்குகிறது. மாடலுக்குப் பாட்டில் காணாமல் போய்விட்டது. 12.2-இல் மறுபடி கிடைக்கிறது. பாட்டில் எங்கும் போகவில்லை, சமைப்பவர் கையிலேயேதான் இருந்தது. ஆனால் கணக்கில் இரண்டு தோற்றம்.

அதனால் ஒரு விதி வைக்கிறார்கள்: இடைவெளி ஒரு வினாடிக்குள் இருந்தால் ஒட்டிவிடு. மேலே சொன்ன 0.8 வினாடி ஓட்டை அடைபடுகிறது. இன்னொரு விதி: ஒரு வினாடி கூட நிற்காத தோற்றத்தைக் கணக்கில் சேர்க்காதே. அது கேமரா திரும்பும்போது ஓரத்தில் மின்னியதாக இருக்கும், அல்லது மாடலின் பிரமையாக இருக்கும். முதல் விதியில் 74 என்பது 29 ஆகிறது. இரண்டாவதில் ஆறு உதிர்ந்து 23. அந்த ஆறும் சேர்ந்து மொத்தமே 3 வினாடிதான். ஆகத் திரையில் நின்ற நேரம் 322-இலிருந்து 319 வினாடி. எண்ணிக்கை பல மடங்கு ஆட்டம் போட்டாலும் நேரம் அசையவில்லை என்பதைக் கவனியுங்கள். 'எத்தனை முறை' என்பதைவிட 'எவ்வளவு நேரம்' நம்பத்தகுந்த கேள்வி.

ஒட்டும் விதியும் சர்வரோக நிவாரணி அல்ல. அதே தாளிப்பில் 15-வது வினாடிக்குக் காட்சி வெட்டி, மேலிருந்து வாணலியைக் காட்டுகிறார்கள். கடுகு வெடிக்கிறது. 2.4 வினாடி கழித்துப் பாட்டில் திரும்பி வருகிறது. ஒரு தோற்றமா, இரண்டா? ஒரு வினாடி விதிப்படி இரண்டு. விதியை மூன்று வினாடி என்று நீட்டினால் ஒன்று. இதில் சரி, தப்பு என்று எதுவும் கிடையாது. எந்த விதியில் எண்ணினோம் என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதி, அடுத்த எபிசோடுக்கும் அதையே பிடித்துக்கொண்டால் போதும். சென்ற மாதம் ஒரு விதி, இந்த மாதம் ஒரு விதி என்றால், பாட்டில் கூடியதா விதி மாறியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

மாடல் எவ்வளவு தவறுகிறது என்பதை அறியக் குறுக்குவழி இல்லை, ஒரு மனிதர் கொஞ்சம் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும். பாட்டில் அடிக்கடி வரும் இடம், வரவே வராத இடம் இரண்டிலிருந்தும் கலந்து மூன்று நிமிடம் எடுக்கலாம், 900 ஃபிரேம். அதில் மனிதர் கண்டது 240-இல் பாட்டில். மாடல் சொன்னது 231. 'அடடே, ஒன்பதுதான் வித்தியாசம்' என்று எழுந்துவிடக் கூடாது. அந்த 231-இல் 219 மட்டுமே உண்மை. 12 ஃபிரேமில் இல்லாததை இருப்பதாகச் சொல்லியிருக்கிறது, 21-இல் இருந்ததைத் தவறவிட்டிருக்கிறது. இரண்டு தவறும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டதால்தான் மொத்தம் அழகாகத் தெரிந்தது.

எவ்வளவு நிச்சயம் இருந்தால் ஏற்பது என்ற வரம்பை மாற்றி இதைச் சரிசெய்யலாம். பரவலாகப் புழங்கும் ஒரு யோலோ தொகுப்பு, நாம் எதுவும் சொல்லாவிட்டால் 0.25-க்கு மேல் எல்லாவற்றையும் ஏற்கும். அதை 0.5 ஆக்கினால் பொய்க் கட்டங்கள் குறையும், கூடவே பாதி மறைந்த உண்மைப் பாட்டில்களும் கழன்றுகொள்ளும். ஸ்பான்சரிடம் காசு வாங்கும் அறிக்கையில் கொஞ்சம் குறைத்துச் சொல்வது நல்லது. ஒரு பொய்த் தோற்றத்தை அவர்கள் கண்டுபிடித்துவிட்டால் மீதி இருபதின் மீதும் சந்தேகம் விழும்.

தொலைவில் அலமாரியில் நிற்கும் பாட்டில் மாடலுக்கு அடிக்கடி தப்பிப்போகும். காரணம் எளிது. 1920 புள்ளி அகலப் படத்தை மாடல் வழக்கமாக 640 புள்ளிக்குச் சுருக்கிப் பார்க்கிறது. 60 புள்ளி உயரப் பாட்டில் 20 புள்ளியாகிவிடும். பெரிய அளவிலேயே பார்க்கச் சொல்லலாம், நேரம் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் அவ்வளவு சிறிய பாட்டிலில் பெயரை யார் படிக்கப்போகிறார்கள்? அதைத் தனி வரியில் 'பின்னணி' என்று போட்டுவிடுவதே நேர்மை.

கடைசியில் கையால் செய்யும் ஒரு வேலை இருக்கிறது. மிஞ்சிய 23 தோற்றங்களுக்கும் ஆளுக்கொரு படமும் நேரமும் வைத்து ஒரே பக்கத்தில் அடுக்கிப் பார்ப்பது. நம் நிகழ்ச்சியில் முதல் படமும் கடைசிப் படமும் 'இந்நிகழ்ச்சியை வழங்குபவர்' என்ற அட்டை, தலா ஐந்து வினாடி. அதற்கு ஸ்பான்சர் ஏற்கெனவே தனியாகப் பணம் கட்டியிருப்பார், சமையலுக்குள் தோன்றியதோடு அதைக் கலக்கக் கூடாது. வேறு வரிக்கு நகர்த்தினால் 21. பதினேழாவது படத்தில் ஜன்னல் வெயில் பட்டுப் பொன்னிறமாக மின்னிக்கொண்டு, மூன்று வினாடி நின்றது ஒரு தேன் பாட்டில். அதையும் அடித்துவிட்டு, அறிக்கையில் இப்படி எழுதுகிறார்கள்: நிகழ்ச்சிக்குள் 20 தோற்றம், 5 நிமிடம் 6 வினாடி.