அனிதா முன்னால் வந்தால் என்ன பொருள்?

அபிராமி, அம்மா, அமுதா, அருள், அலமேலு, அழகர், அறிவழகன், அன்பு, அனிதா. ஒன்பது பேர், எல்லாரும் அகரத்தில் தொடங்குபவர்கள். இப்போது எழுதியிருப்பது சரியான அகர வரிசை. இதே ஒன்பது பெயர்களைக் கணினியில் ஒரு சாதாரண நிரலிடம் கொடுத்து அடுக்கச் சொன்னால் அனிதா, அன்பு, அபிராமி, அமுதா, அம்மா, அருள், அறிவழகன், அலமேலு, அழகர் என்று வரும். கடைசியில் நிற்க வேண்டிய அனிதா தலைமேல் ஏறிவிட்டாள். அமுதா அம்மாவை முந்திவிட்டாள். அறிவழகன் இரண்டு பேரைத் தாண்டி முன்னால் போய்விட்டான். இவை எதுவும் தற்செயல் அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு.

முதலில் நம் வரிசையைப் பார்ப்போம். உயிர் பன்னிரண்டும் அ முதல் ஔ வரை. அதன் பின் ஆய்தம். பிறகு க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப, ம, ய, ர, ல, வ, ழ, ள, ற, ன எனப் பதினெட்டு மெய்கள். இவற்றின் அடுக்கில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. க, ங இரண்டும் நாக்கின் அடிப்பகுதியில் பிறக்கின்றன. ச, ஞ நடுநாவில். இப்படியே ஒரு வல்லினமும் அதன் மெல்லினமுமாக ஜோடி ஜோடியாக வாயின் முன்புறம் நகர்ந்து, ப, ம வரும்போது உதட்டுக்கு வந்துவிடும். அடுத்து ய, ர, ல, வ. இதுவரை வந்த எழுத்துகளுக்கெல்லாம் வடமொழி நெடுங்கணக்கிலும் இணை உண்டு, வரிசையும் ஏறக்குறைய அதுவேதான். கடைசி நான்கான ழ, ள, ற, ன ஆகியவைதான் தமிழ் தன் தேவைக்காகத் தனியே வைத்துக்கொண்ட இடம். அதனால்தான் ந ஓரிடத்திலும் ன அதற்கு வெகுதூரம் தள்ளி வரிசையின் முடிவிலும் நிற்கின்றன. காதுக்கு ஏறக்குறைய ஒன்றாக ஒலிக்கும் இரண்டு எழுத்துகள் இப்படிப் பிரிந்து கிடப்பது அகராதி புரட்டுகிறவர்களை இன்றும் தடுமாற வைக்கிறது. ஆனால் இந்த அடுக்கு பழையது. எழுத்துகள் அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடிகின்றன என்றுதான் தொல்காப்பியமே தொடங்குகிறது.

எழுத்துக்கு வரிசை இருந்தும் சொற்களை அந்த வரிசையில் அடுக்கும் பழக்கம் நெடுங்காலம் நம்மிடம் இல்லை. நிகண்டுகள் தெய்வப் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர் என்று பொருள் பார்த்துத் தொகுத்தன. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி மட்டும் பலபொருள் ஒருசொற்களை எதுகைப்படி, அதாவது இரண்டாம் எழுத்தைப் பிடித்து அடுக்கியது. செய்யுளை மனப்பாடம் செய்தவனுக்கு அது வசதி, தேடுகிறவனுக்கு இல்லை. 1594ஆம் ஆண்டைச் சேர்ந்த ரேவண சித்தரின் அகராதி நிகண்டு முதலெழுத்து வரிசைக்கு வந்தது. வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) சொற்களைச் செய்யுளிலிருந்து விடுவித்து, இன்று நாம் அகராதி என்று சொல்லும் வடிவத்துக்குக் கொண்டுவந்தது.

இனி அனிதாவின் விஷயம். போனும் கணினியும் எழுத்தை எழுத்தாகப் பார்ப்பதில்லை; ஒவ்வொன்றுக்கும் யூனிகோடு தந்த ஓர் எண் இருக்கிறது. அ என்பது 2949. க 2965. ந 2984, ன 2985, ப 2986. எண்ணைப் பார்த்தாலே தெரிகிறது: ன, ந-வுக்கும் ப-வுக்கும் நடுவில் செருகப்பட்டிருக்கிறது. அடுக்கச் சொன்னால் நிரல் எண்ணின் ஏறுவரிசையில் அடுக்கும். அதனால் அபிராமிக்கு முன் அனிதா.

தமிழ் எண்களை இப்படி யார் வகுத்தார்கள் என்றால், இந்திய எழுத்துகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக 1988இல் உருவான இஸ்கி என்ற தரத்தைத்தான் கேட்க வேண்டும். யூனிகோடு அதன் அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டது. அந்த அமைப்பில் எல்லா மொழிக்கும் ஒரே சட்டகம், சட்டகம் தேவநாகரியுடையது. க-வுக்கும் ங-வுக்கும் நடுவே மூன்று எண்கள் தமிழில் காலியாகக் கிடக்கின்றன; இந்தியின் மற்ற மூன்று ககரங்களுக்கான இடம் அது. திராவிட மொழிகளின் சிறப்பெழுத்துகளை, அவற்றை ஒத்த தேவநாகரி எழுத்துக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். ந-வுக்குப் பக்கத்தில் ன, ர-வுக்குப் பக்கத்தில் ற, ல-வுக்குப் பின் ள, ழ. கடைசியில்தான் வ. அலமேலுவை அறிவழகன் முந்தியது இதனால்தான். கிரந்த எழுத்தான ஜ வரிசையின் கடைசிக்குப் போகாமல் ச-வுக்கும் ஞ-வுக்கும் இடையில் நிற்பதும் இதனால்தான். ஆய்தத்தின் எண் 2947, அகரத்துக்கும் முன்னால். எனவே 'ஃபாத்திமா' என்று எழுதினால் ஔவைக்குப் பின் வர வேண்டியவர் அகிலாவுக்கும் முன்னால் வந்து நிற்பார்.

அம்மாவுக்கும் அமுதாவுக்கும் உள்ள தகராறு வேறு வகை. எனக்கு இதுவே அதிக சுவாரசியமானது. இலக்கணம் சொல்லும் கணக்கு: ம் என்ற மெய்யோடு அ சேர்ந்தால் ம. மெய்தான் அடிப்படை, உயிர்மெய் அதன் மேல் கட்டப்பட்டது. ஆகவே அகராதியில் ம் முதலில், பிறகு ம, மா, மி, மீ என்று போகும். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி உட்பட இன்றைய அகராதிகளில் 'அக்' என்று தொடங்கும் சொற்கள் முடிந்த பிறகுதான் 'அக' தொடங்கும். யூனிகோடின் கணக்கோ தலைகீழ். அங்கே ம-தான் அடிப்படை; அதற்கு ஓர் எண். ம் வேண்டுமென்றால் ம போட்டுப் பக்கத்தில் புள்ளி என்று இன்னோர் எண்ணைச் சேர்க்க வேண்டும். அந்தப் புள்ளியின் எண் 3021. உகரக் குறியின் எண் 3009. 'அமுதா'வில் ம-வுக்கு அடுத்து வருவது 3009, 'அம்மா'வில் 3021. சிறிய எண் முந்திக்கொள்கிறது. உயிர்க்குறிகள் எல்லாவற்றுக்கும் பின்னால் புள்ளி இருப்பதால், நேர் எண்வரிசையில் மெய்யெழுத்து எப்போதும் அதன் உயிர்மெய்களுக்கெல்லாம் பின்னால்தான் வரும். கலை முதலில், கல் பிறகு.

இதை யூனிகோடின் பிழை என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எண் என்பது எழுத்துக்கு அடையாளம் மட்டுமே, வரிசைக்கு வேறு அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள் என்று யூனிகோடே சொல்கிறது, அட்டவணையும் தருகிறது. உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான அடுக்கு அட்டவணை ஒன்று. அது ழ, ள, ற, ன நான்கையும் வ-வுக்குப் பின்னால் சரியாகக் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவற்றையும் னகரத்துக்குப் பின் தள்ளுகிறது. ஆனால் புள்ளியை மட்டும் உயிர்க்குறிகளுக்குப் பின்னாலேயே விட்டுவிடுகிறது. அதன் மேல் மொழிக்கு மொழி திருத்தங்கள் உண்டு. தமிழுக்கான திருத்தம் மெய்யை உயிர்மெய்க்கு முன்னால் நகர்த்துகிறது. அட்டவணையும் திருத்தமும் பொதுவில் கிடைக்கின்றன. நிரல் எழுதுபவர் வெறுமனே `sort()` என்று எழுதினால் எண்வரிசை கிடைக்கும். மொழி தமிழ் என்று குறிப்பிட்டு அடுக்கச் சொன்னால் அகராதி வரிசை கிடைக்கும். பல தமிழ் இணையதளங்களின் பெயர்ப்பட்டியல்கள் கலைந்து கிடப்பதற்கு அந்த ஒரு வரி எழுதப்படாததே காரணம்.

ஆக, நடைமுறையில் மூன்று வரிசைகள் உலவுகின்றன. உங்கள் போனிலோ நீங்கள் பயன்படுத்தும் செயலியிலோ எது இருக்கிறது என்று அறிய நான்கு பெயர் போதும்: அபிராமி, அனிதா, அம்மா, அமுதா. நால்வரையும் சேமித்துவிட்டுப் பட்டியலைப் பாருங்கள். அனிதா அபிராமிக்கு முன் வந்தால் அங்கே நடப்பது வெறும் எண்வரிசை. அபிராமி முன்னால் வந்து, ஆனால் அமுதா அம்மாவுக்கு முன் நின்றால் உலகப் பொது அட்டவணை. அபிராமி, அம்மா, அமுதா, அனிதா என்று வந்தால் தமிழ்த் திருத்தமும் சேர்ந்திருக்கிறது. போனின் மொழி ஆங்கிலமாக இருக்கும்போது பெரும்பாலும் இரண்டாவதைத்தான் காண்பீர்கள். தமிழ்ப் பெயர்களும் ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் கிடக்கும். அமைப்புகளில் மொழியைத் தமிழாக்கினால், அந்தத் திருத்தத்தை மதிக்கும் செயலிகளில் தமிழ்ப் பெயர்கள் மேலே வரும், வரிசையும் நேராகும்.

இதற்குப் பிறகும் ஒரு பெயர் இடம் மாறி நின்றால் வரிசையைக் குறை சொல்ல வேண்டாம், தட்டச்சைப் பாருங்கள். 'ஔவை' என்பதை ஒகரம் தட்டி, அடுத்து ளகரம் தட்டி எழுதுகிறவர்கள் ஏராளம். திரையில் 'ஒளவை' என்று கிட்டத்தட்ட அதே உருவம். போனுக்கு அது ஒ, ள, வை என்ற மூன்று எழுத்துச் சொல். ஒளி, ஒள்ளியோன் கூட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். சோதிக்க எளிய வழி உண்டு. சொல்லின் முதலெழுத்துக்குப் பின்னால் சுட்டியை வைத்து ஒருமுறை அழியுங்கள். முழு எழுத்தும் போனால் அது உண்மையான ஔ. ள-மட்டும் போய் ஒ மிஞ்சினால் போலி.

கண்ணால் பிரித்தறியவே முடியாதது ஸ்ரீ. இதை ஸகரத்தைக் கொண்டும் எழுதலாம். 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶ என்ற எழுத்தைக் கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத் தெரியும். எந்த விசைப்பலகை எதைத் தட்டுகிறது என்பது அதை உருவாக்கியவரின் விருப்பம். பழைய போனில் சேமித்த ஸ்ரீதரும் புது விசைப்பலகையில் தேடும் ஸ்ரீதரும் போனின் கணக்கில் வேறு வேறு ஆட்கள். தேடினால் ஆள் இல்லை என்று வரும், பட்டியலை உருட்டிப் பார்த்தால் இருப்பார். அப்போது அந்தப் பெயரைத் திறந்து, முதலெழுத்தை அழித்து, இப்போது தேடும் அதே விசைப்பலகையால் மறுபடி தட்டிச் சேமிக்க வேண்டும்.