தேவை வேறு, தேவைப்படும் அளவு வேறு

ஒரு மணி நேர விரிவுரையைப் பேசியது பேசியபடி எழுதினால் ஏழெட்டாயிரம் சொல் வரும். தேர்வுக்கு முந்தைய இரவில் வேண்டியதோ ஒரே பக்கம். தேவை, அளிப்புப் பாடத்தை ஆங்கில விரிவுரையிலிருந்து தமிழில் சுருக்குகிறவர்கள் இடறி விழுகிற இடம் ஒன்று உண்டு.

குறிப்பில் இரண்டு வரி இப்படி இருக்கும்: “விலை கூடினால் தேவை குறையும். தேவை கூடினால் விலை கூடும்.” சேர்த்துப் படித்தால் குழப்பம்தான். பேராசிரியர் முதல் இடத்தில் ‘குவான்டிட்டி டிமாண்டட்’ என்றும், அடுத்ததில் ‘டிமாண்ட்’ என்றும் சொல்லியிருப்பார். சுருக்கியவர் இரண்டையும் ‘தேவை’ ஆக்கிவிட்டார். விலை மாறும்போது மாறுவது தேவைப்படும் அளவு; அதே கோட்டின் மேல் ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்கிறோம், அவ்வளவுதான். வருமானமோ மாற்றுப் பொருளின் விலையோ மாறினால் தேவையே மாறுகிறது. அப்போது கோடே இடம்பெயரும். பக்கத்தின் தலையில் எழுத வேண்டியது இதுதான். இலங்கைப் பாடநூல்களில் இவை கேள்வி, நிரம்பல். எந்தச் சொல்லை எடுத்தாலும் கடைசிவரை அதையே வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த சிக்கல், எழுத்தில் கரும்பலகை இல்லை. “இது இப்படி மேலே போகிறது” என்று மட்டும் இருக்கும். தேவைக் கோடு மேலே போனால் தேவை கூடியது என்று பொருள். அளிப்புக் கோடு மேலே போனாலோ அளிப்பு குறைந்தது. ஆகவே குறிப்பில் ‘மேலே, கீழே’ வேண்டாம். வலப்பக்கம் என்றால் கூடுதல், இடப்பக்கம் என்றால் குறைவு. இரு கோடுகளுக்கும் இது பொருந்தும்.

விரிவுரையில் வரும் கதைகளை விட்டுவிடலாம். ஒரு கணக்கு மட்டும் முழுதாக இருக்கட்டும். நானே ஒன்று போட்டுக் காட்டுகிறேன்:

```
Qd = 120 − 2P
Qs = 4P
P = 20, Q = 80
```

வருமானம் உயர்ந்து, ஒவ்வொரு விலையிலும் 30 அலகு கூடுதலாகக் கேட்கிறார்கள் என்று கொள்வோம். தேவை இப்போது 150 − 2P. பழைய விலை 20இல் கேட்பது 110, வருவது 80. 30 அலகு பற்றாக்குறை. விலை ஏறுகிறது. ஏற ஏற விற்பவர்கள் கூடுதலாகக் கொண்டுவருகிறார்கள், வாங்குபவர்களில் சிலர் குறைத்துக்கொள்கிறார்கள். 25 ரூபாயில் இரண்டும் 100 ஆகிச் சமநிலை திரும்புகிறது. இடம்பெயர்ந்தது தேவைக் கோடு மட்டுமே. அளிப்புக் கோடு அசையவில்லை. 80லிருந்து 100 ஆனது அளிக்கப்படும் அளவு.

எழுதியதும் பக்கத்தை மூடிவிட்டு ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். 1975இல் பிரேசிலின் பரானா பகுதியில் உறைபனி காபிச் செடிகளைக் கருக்கியது, காபி விலை ஏறியது. காபிக்குத் தேவை குறைந்ததா? “ஆமாம்” என்று தோன்றினால் குறிப்பைத் திரும்ப எழுத வேண்டும். இடப்பக்கம் நகர்ந்தது அளிப்புக் கோடு. விலை ஏறியதால் குறைந்தது தேவைப்படும் அளவு.