நூறு நொடியில் ஒரு வீடு

எட்டு மாதத்தில் கட்டிய தரைத்தள வீட்டை நூறு நொடியில் காட்ட வேண்டும். அடுத்த வீட்டு இரண்டாம் மாடியில் கேமராவை அசையாமல் பொருத்தி, காலை எட்டு முதல் மாலை ஆறு வரை மணிக்கு ஒரு படம் எடுத்தால் நாளுக்கு 10 படம். 240 நாளில் 2,400. நொடிக்கு 24 படம் ஓடினால், சரியாக 100 நொடி.

கணக்கு சரிதான், ஆனால் கட்டடம் இந்தக் கணக்கில் வளர்வதில்லை. கூரைக்குக் கான்கிரீட் போடுவது ஒரே நாள் வேலை. அந்தப் பத்துப் படம் அரை நொடிகூட நிற்காது. அதற்குப் பிறகு தண்ணீர் தேக்கி வைக்கும் 14 நாட்களோ ஆறு நொடி ஓடும். திரையில் எதுவும் அசையாது.

அதனால் கான்கிரீட் நாளன்று மட்டும் இரண்டு நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்க வேண்டும். 300 படம், பன்னிரண்டரை நொடி. வேலை நடக்காத ஞாயிற்றுக்கிழமைகளை வெட்டிவிட்டால் அதற்கு இடம் கிடைத்துவிடும்.

இனி எழுத்துகள். ஒரு வரியைப் படிக்க மூன்று நொடியாவது வேண்டும். ஆகவே முக்கியமான கட்டங்களுக்கு மட்டும் எழுதுவோம்:

0–8: வானம் தோண்டுகிறோம்
8–22: அஸ்திவாரம், பேஸ்மென்ட்
22–40: நிலை வைத்தாயிற்று, சுவர் எழுகிறது
40–50: சென்ட்ரிங் பலகை, கம்பி கட்டு
50–62: கூரைக் கான்கிரீட், ஒரே நாளில்
62–68: தண்ணீர் தேக்கிய 14 நாள்
68–72: முட்டுகளைப் பிரிக்கிறோம்
72–92: உள்ளே பூச்சு, தரை
92–100: வண்ணம், கிரகப்பிரவேசம்

கூரை மூடியபின் வெளிக் கேமராவுக்கு உள்ளே நடப்பது தெரியாது. அதனால் 72ஆம் நொடியிலிருந்து வரும் படங்களுக்கு, கூடத்து மூலையில் இன்னொரு கேமரா வேண்டும். இரண்டிலும் வெளிச்ச அளவைத் தானாக மாறவிடாமல் பூட்டிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் மேகம் வரும்போதெல்லாம் படம் மின்னி மின்னி ஓடும்.

பட்டியலில் கவனமாக எழுத வேண்டிய வரி 62ஆம் நொடியில் வருவது. சுவர் எழுவதைக் கண்ணே சொல்லிவிடும். கான்கிரீட் இறுகுவதைச் சொல்லாது. சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்தே இறுகுகிறது. அதனால்தான் கூரைமேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறார்கள். ஆகவே அந்த ஆறு நொடியில் 'நாள் 1, நாள் 2' என்று எண் ஓடட்டும்.

வீட்டுக்காரருக்கு அந்த ஆறு நொடியில் இன்னொரு பயனும் உண்டு. நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், மதியப் படங்களில் பாத்தி பளபளக்கிறதா, வெளிறிக் கிடக்கிறதா என்று தெரியும். வெளிறியிருந்தால் அன்று தண்ணீர் விடவில்லை என்று பொருள். இதைக் கட்டி முடித்தபின் பார்த்துப் பயனில்லை. அந்த வாரமே படங்களை இறக்கிப் பார்க்க வேண்டும்.