வணிக நெறிமுறைத் தேர்வு: எதிரெதிர் விடைகளுக்கும் முழு மதிப்பெண் எவ்வாறு சாத்தியம்?

மத்திய பணியாளர் தேர்வாணையம் (யுபிஎஸ்சி) நடத்தும் குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் 2013-ஆம் ஆண்டு முதல் நெறிமுறைக்கெனத் தனித் தாள் இடம்பெற்று வருகிறது. 250 மதிப்பெண்கள் கொண்ட அந்தத் தாளின் ஒரு பகுதி, ஒரு சூழலை விவரித்து 'நீங்கள் என்ன செய்வீர்கள்?' எனக் கேட்கும் வினாக்களால் ஆனது. மேலாண்மைப் படிப்புகளின் வணிக நெறிமுறைப் பாடத்திலும் இத்தகைய வினாக்கள் வழக்கமாகிவிட்டன. இருவர் நேரெதிரான முடிவை எழுதினால் இருவருக்கும் முழு மதிப்பெண் தர முடியுமா என்ற கேள்விக்கான விடை, வினா எழுதப்படும் விதத்திலேயே தொடங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். புணேயில் இயங்கும் ஒரு நிறுவனம் தனது அலுவலகத்தை இந்தூருக்கு மாற்ற முடிவெடுத்துள்ளது. அறிவிப்பு வெளியாக இன்னும் நான்கு வாரங்கள் உள்ளன. அதுவரை ரகசியம் காப்பதாக மனிதவள மேலாளர் எழுத்துபூர்வமாக உறுதியளித்திருக்கிறார். இந்நிலையில் சக ஊழியர் ஒருவர், வரும் வெள்ளிக்கிழமை புணேயில் வீடு வாங்க ரூ.2 லட்சம் முன்பணம் செலுத்தப்போவதாகக் கூறி, 'இப்போது வாங்கலாமா?' என்று அவரிடம் கேட்கிறார். மேலாளர் என்ன செய்ய வேண்டும்?

இந்த வடிவில் வினாவில் இரண்டு ஓட்டைகள் உள்ளன. முதலாவது, சட்டம். அது பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமாக இருந்து, இடமாற்றம் பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய தகவலாகவும் இருந்தால், அதை வெளியே சொல்வதை செபியின் 2015-ஆம் ஆண்டு உள்தகவல் வர்த்தகத் தடை விதிமுறைகள் தடுக்கின்றன. அப்போது அது தர்மசங்கடமே அல்ல. விதியைத் தெரிந்தவருக்கு ஒரே விடைதான். எனவே, 'பட்டியலிடப்படாத நிறுவனம்' என்ற சொற்களை வினாவில் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, தப்பிக்கும் வழி. 'இயக்குநரிடம் அனுமதி கேட்பேன்' என்று எழுதிவிட்டுப் பெரும்பாலானோர் நகர்ந்துவிடுவர். இயக்குநரிடம் கேட்டாகிவிட்டது, அவர் மறுத்துவிட்டார் என்று வினாவிலேயே கூறிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். இனி ரகசியம் காக்கும் உறுதிமொழியும், நம்பிக் கேட்டவருக்கு நேரக்கூடிய இழப்பும் மட்டுமே எதிரெதிரே நிற்கும்.

அடுத்தது மதிப்பீட்டு வழிகாட்டி. இந்த வினாவுக்கு 10 மதிப்பெண் என்றால், மோதும் கடமைகளைச் சரியாக இனங்காண்பதற்கு 2, ஒவ்வொரு வழியாலும் யார், எந்த அளவு பாதிக்கப்படுவர் என்று காட்டுவதற்கு 3, முடிவையும் காரணத்தையும் இணைப்பதற்கு 3, எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்குப் பதிலளிப்பதற்கு 2 எனப் பிரிக்கலாம். எந்த முடிவு என்பதற்கு மதிப்பெண் இல்லை.

ஒரு மாணவர், 'சொல்லமாட்டேன். ஒருவருக்கு மட்டும் சொன்னால் மற்ற ஊழியர்களுக்கு அநீதி. இனி எந்த ரகசியமும் என்னிடம் ஒப்படைக்கப்படாது. ஆயினும் வாங்குங்கள் என்றும் கூறமாட்டேன். இவ்விஷயத்தில் ஆலோசனை கூற இயலாது என்பேன். அந்த மௌனமே அவருக்கு எதையோ உணர்த்தக்கூடும் என்பதை ஏற்கிறேன்' என்று எழுதுகிறார். மற்றொருவர், 'முன்பணத்தை ஒரு மாதம் தள்ளிப்போடுமாறு கூறுவேன். நிறுவனத்துக்கு நேரும் பாதிப்பு சிறியது; அவருடைய இழப்பு ஈடுசெய்ய இயலாதது. உறுதிமொழியை மீறியதற்கான விளைவை ஏற்பேன்' என்கிறார். இரண்டையும் விரித்து எழுதினால் இரண்டுமே 9 மதிப்பெண்ணுக்கு உரியவை. 'நேர்மையே உயர்ந்தது, எனவே உண்மையைச் சொல்வேன்' என்று ஒரு பக்கம் நிரப்பும் விடை 2 அல்லது 3-ஐத் தாண்டாது. நெறிமுறைத் தாள்களில் அதிகம் காணப்படுவதும், தாராள மனம் கொண்ட தேர்வாளர்களை ஏமாற்றுவதும் இந்த வகை விடைதான்.

எல்லா நிலைப்பாடுகளையும் ஏற்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. 'மாற்றம் எதுவும் இல்லை, தைரியமாக வாங்குங்கள்' என்று பொய் கூறும் முடிவு ரகசியம் காக்கத் தேவைப்படாத ஒன்று. ஆகவே காரணத்தை இணைப்பதற்கான 3 மதிப்பெண்ணை அதனால் பெற இயலாது. வினாவில் இல்லாத தகவலைக் கற்பனை செய்து சிக்கலைத் தீர்க்கும் விடைக்கும் இதே நிலைதான். இந்த எல்லைகளைத் தேர்வுக்கு முன்பே வழிகாட்டியில் எழுதிவைக்க வேண்டும். விடைத்தாளைப் பார்த்த பின் வகுத்தால் அது தேர்வாளரின் சொந்த விருப்பமாகிவிடும். எதிரெதிர் முடிவு கொண்ட இரண்டு மாதிரி விடைகளையும் அப்போதே எழுதிப் பார்ப்பது நல்லது. இரண்டாவதை எழுத வினா தயாரித்தவரே திணறினால், வினா ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது என்று பொருள்.

திருத்தும்போது வேறொரு சோதனை தேவை. முதல் 20 விடைத்தாள்களை இரு தேர்வாளர்கள் ஒருவர் மதிப்பெண்ணை மற்றவர் பாராமல் திருத்தி, 2 மதிப்பெண்ணுக்கு மேல் வேறுபடும் இடங்களை விவாதிக்கலாம். பின்னர் 'சொல்வேன்' என்றவர்களின் சராசரியையும் 'சொல்லமாட்டேன்' என்றவர்களின் சராசரியையும் தனித்தனியே கணக்கிட வேண்டும். இடைவெளி பெரிதாக இருந்தால் தேர்வாளரின் சார்பு காரணமாக இருக்கலாம். ஒரு தரப்புக்கு வாதிடுவது எளிதாக இருந்ததும் காரணமாகலாம். சராசரி மட்டும் இதைப் பிரித்துச் சொல்லாது. குறைந்த மதிப்பெண் பெற்ற தரப்பின் தாள்களை மீண்டும் எடுத்து, எந்தப் பிரிவில் மதிப்பெண் குறைந்தது என்று பார்க்க வேண்டும். எதிர்வாதத்துக்கான 2 மதிப்பெண்ணில் மட்டும் குறைந்திருந்தால் மாணவர் அதை எழுதாமல் விட்டிருக்கக்கூடும். எழுதியிருந்தும் நான்கு பிரிவுகளிலும் சமமாகக் குறைந்திருந்தால், திருத்தியவருக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை என்றே ஐயுற வேண்டியிருக்கும். அத்தாள்கள் மற்றொரு தேர்வாளரிடம் செல்லும்.