தரை தொடும் அரை நொடி

ஹட்டனுக்கு அருகே காசல்ரீ நீர்த்தேக்கத்தில் வந்திறங்கும் சினமன் ஏர் செஸ்னா விமானத்துக்கு நீரிலும் தரையிலும் இறங்க முடியும். அதன் மிதவைகளுக்குள் சக்கரங்கள் மடங்கியிருக்கும். அவற்றை விரித்தபடி நீரில் இறங்கினால் விமானம் குப்புறக் கவிழ்ந்துவிடும். ஆகவே காசல்ரீயில் எத்தனை முறை இறங்கினாலும் டயர் தேய்வதில்லை. கட்டுநாயக்க ஓடுபாதையைத் தொடும்போதுதான் தேய்கிறது.

தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பஸ்ஸின் டயர் ஓட ஓடத் தேயும். வளைவுகளில் அதன் ஓரங்கள் உராயும். எப்படியும் அது உருண்டுகொண்டே தேய்கிறது. விமான டயரோ தரையைத் தொடும் கணத்தில் அநேகமாகச் சுழலாமலே இருக்கிறது.

செஸ்னா 152 என்ற பயிற்சி விமானம் மணிக்கு ஏறக்குறைய 90 கிலோமீற்றர் வேகத்தில் தரை தொடுகிறது என்று கொள்வோம். டயரின் சுற்றளவு சுமார் 1.4 மீற்றர். அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க அது நொடிக்கு 18 முறை சுழல வேண்டும். அந்த வேகத்தை எட்டும்வரை றப்பர் ஓடுபாதையில் இழுபடுகிறது. அப்போது எழும் சிறு புகை தேய்ந்த றப்பர்தான். அதனால்தான் இந்த டயரின் ஆயுளைக் கிலோமீற்றரில் அல்ல, தரையிறக்கங்களில் கணக்கிடுகிறார்கள்.

அடுத்த ஆபத்து பிரேக்கில் இருக்கிறது. தரை தொட்ட உடனே எடையின் பெரும்பகுதியை இறக்கைகளே தாங்குகின்றன. அப்போது பிரேக்கை அழுத்தினால், பாரம் குறைந்த சக்கரம் எளிதில் பூட்டிக்கொள்ளும். டயர் ஒரே இடத்தில் தேய்ந்து தட்டையாகும். நூலிழை தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும். அந்தத் தட்டை தரையோடு ஒட்டிய பக்கத்தில் ஒளிந்திருக்கலாம் என்பதால், புறப்படுமுன் விமானத்தைச் சற்று உருட்டிவிட்டுப் பார்க்க வேண்டும்.

காற்றழுத்தத்தைக் கண்ணால் கணிக்க முடியாது. செஸ்னா 152-இன் பிரதான சக்கரங்களுக்கு 21 பிஎஸ்ஐ, மூக்குச் சக்கரத்துக்கு 30 பிஎஸ்ஐ. பறந்து வந்த சூட்டில் அளந்தால் அளவி கூடுதலாகக் காட்டும். இரண்டு மூன்று மணி நேரம் ஆறவிட்டே அளக்க வேண்டும். காற்று அதிகமானால் டயரின் நடுப்பகுதியும், குறைந்தால் இரு ஓரங்களும் முதலில் தேயும்.

இவற்றில் காற்றுக் குறைவே மோசமானது. தரை தொடும் திடீர் இழுப்பில், தளர்ந்த டயர் ரிம்மில் வழுக்கித் திரும்பும். உள்ளிருக்கும் டியூபும் கூடவே இழுபட்டு, வால்வு அறுந்துவிடலாம். இதை முன்கூட்டியே அறியத்தான் டயருக்கும் ரிம்முக்கும் குறுக்கே ஒரு வர்ணக் கோடு போடுகிறார்கள். அந்தக் கோடு ஓரிடத்தில் முறிந்து விலகியிருந்தால், டயர் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் டியூபையும் வால்வையும் சோதிக்காமல் அந்த விமானம் பறக்கக் கூடாது.