ஒரு மீட்டர் ஆழமும் ஏற்காட்டு மழையும்: செல்பேசி உறைகளின் எண்கள் சொல்வதும் சொல்லாததும்

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வழியாக ஏற்காடு செல்லும் சாலை, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு, அடிவாரத்தைத் தாண்டியதும் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றி ஏறி, சுமார் 1500 மீட்டர் உயரத்தில் ஏரிக்கரையை அடைகிறது. மழைக்காலத்தில் இந்தச் சாலையில் இருசக்கர வாகனத்தில் செல்வோர் பலர் செல்பேசியை ஒளிபுகும் பிளாஸ்டிக் பவுச்சில் இட்டு ஹேண்டில்பாரில் மாட்டுகிறார்கள். மாற்றுத் துணியையும் பவர் பேங்கையும், வாயை உருட்டி மடித்துப் பூட்டும் ‘ட்ரை பேக்’ என்ற பையில் வைத்துப் பின்னிருக்கையில் கட்டுகிறார்கள். இவற்றின் அட்டையில் பெரும்பாலும் ஐபிஎக்ஸ்7 அல்லது ஐபிஎக்ஸ்8 என்று அச்சிட்டிருக்கும். அந்த எண் அசையாத நீர்த்தொட்டி ஒன்றில் பெறப்படுவது என்பதும், மலைச்சாலை அதே பவுச்சை வேறு விதமாகச் சோதிக்கிறது என்பதும் வாங்குவோர் பலருக்குத் தெரிவதில்லை.

‘ஐபி’ என்பது பொருளொன்றின் உறைக்குள் வெளிப்பொருள் புகாமல் தடுக்கும் திறனைக் குறிக்கும் சர்வதேசக் குறியீடு. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60529ஆம் எண் தரநிலை இதை வரையறுக்கிறது. இந்தியாவில் ஐஎஸ்/ஐஇசி 60529 என்ற பெயரில் அதுவே நடைமுறையில் உள்ளது. குறியீட்டின் முதல் எண், 0 முதல் 6 வரை, தூசு போன்ற திடப்பொருள்களுக்கு உரியது. இரண்டாம் எண், 0 முதல் 9 வரை, நீருக்கு உரியது. ஓர் எண்ணின் இடத்தில் எக்ஸ் இருந்தால் அந்தப் பகுதிக்கான தரம் அறிவிக்கப்படவில்லை என்றே பொருள். தூசு புகும் என்றோ புகாது என்றோ அதிலிருந்து முடிவு செய்ய இயலாது. இத்தரநிலை மின்கருவிகளின் கூடுகளுக்காக எழுதப்பட்டது. மின்சாரம் எதுவும் இல்லாத வெறும் பை ஒன்று அந்த எண்ணைத் தாங்கி நிற்பது, சற்றுக் கண்டிப்பாகச் சொன்னால், இரவல் வாங்கிய பட்டம்தான்.

ஏழாம் நிலைச் சோதனையில், செல்பேசி அளவுள்ள பொருளின் அடிப்பகுதி நீர்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்குமாறு மூழ்கடித்து, 30 நிமிடம் அப்படியே விட்டு, பின்னர் தீங்கு விளைவிக்கும் அளவுக்கு நீர் புகுந்துள்ளதா என்று பார்க்கிறார்கள். எட்டாம் நிலைக்கு ஆழமும் நேரமும் பொதுவாக வரையறுக்கப்படவில்லை. ஏழைவிடக் கடுமையாக இருக்க வேண்டும் என்பதே விதி, எவ்வளவு என்பதைத் தயாரிப்பாளர் அறிவிக்க வேண்டும். ஆகவே ஆழத்தையும் நேரத்தையும் குறிப்பிடாமல் வெறுமனே ஐபிஎக்ஸ்8 என்று அச்சிட்ட அட்டை பாதிச் செய்தியைத்தான் சொல்கிறது. ஏழாம் நிலைச் சோதனைக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: நீரின் வெப்பநிலைக்கும் பொருளின் வெப்பநிலைக்கும் இடையே 5 டிகிரிக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. இச்சிறு நிபந்தனை ஏன் அவசியம் என்பது ஏற்காட்டுச் சாலையில் தெளிவாகத் தெரியும்.

அதற்கு முன் மழைத்துளியின் வேகத்தைக் கவனிக்க வேண்டும். மூழ்கும் சோதனையில் தேறிய பொருள் பீய்ச்சும் நீரையும் தாங்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் தரநிலை அப்படிக் கருதுவதில்லை. ஐந்தாம் நிலைச் சோதனையில் 6.3 மில்லிமீட்டர் குழாய்முனை வழியாக நிமிடத்துக்கு 12.5 லிட்டரும், ஆறாம் நிலையில் 12.5 மில்லிமீட்டர் முனை வழியாக நிமிடத்துக்கு 100 லிட்டரும் பீய்ச்சப்படுகின்றன. ஆறாம் நிலையில் நீர் முனையைவிட்டு வெளியேறும் வேகத்தைக் கணக்கிட்டால் நொடிக்கு 13 முதல் 14 மீட்டர் வரை வருகிறது. இனி, பெரிய மழைத்துளி ஒன்று நொடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது; மணிக்கு 40 கிலோமீட்டரில் செல்லும் வண்டி நொடிக்கு 11 மீட்டர் முன்னேறுகிறது. இரண்டும் செங்குத்தாக இணையும்போது பவுச்சின் மீது துளி மோதும் வேகம் நொடிக்கு 14 மீட்டர் ஆகிறது. நீரின் அளவு மிகக் குறைவு என்றாலும் மோதும் வேகத்தில் மழை ஆறாம் நிலைக் குழாய்க்கு இணையாக நிற்கிறது. அசையாத நீர், ஜிப் பூட்டின் இரு உதடுகளையும் இருபுறமிருந்து சமமாக அழுத்தி இன்னும் இறுக்கவே செய்யும். ஒரு பக்கத்திலிருந்து மோதும் துளியோ உதட்டின் விளிம்பைத் தூக்கப் பார்க்கும். எனவே ஹேண்டில்பாரில் மாட்டும் பவுச்சுக்கு 6, 7 ஆகிய இரு எண்களும் சேர்ந்து அறிவிக்கப்பட்டிருப்பது நல்லது. அது கிடைக்காதபோது பூட்டின் வாய் வண்டியோட்டியை நோக்கி, காற்றுக்கு மறைவாக இருக்கும்படி மாட்டுவதே பயனுள்ள மாற்று.

வெப்பத்துக்கு வருவோம். பிற்பகல் வெயிலில் நிறுத்திய வண்டியின் டேங்க் மீது கிடக்கும் பவுச்சுக்குள் காற்று 50 டிகிரியை எட்டியிருக்கிறது என்று கொள்வோம். அடிவாரம் தாண்டியதும் மழை பிடித்து, பவுச் 24 டிகிரிக்குக் குளிர்ந்தால், உள்ளிருக்கும் காற்று எட்டு சதவீதம் சுருங்க வேண்டும். மென்மையான பவுச் தன் சுவர்களைக் குழித்துக்கொண்டு அந்தச் சுருக்கத்தை ஏற்றுக்கொள்கிறது. அசையாச் சுவர்கொண்ட டப்பாவுக்கு அந்த வசதி இல்லை; உள்ளே அழுத்தம் சுமார் 80 மில்லிபார் குறைந்து, ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் ஆழத்தில் மூழ்கியதற்கு நிகராக வெளியிலிருந்து நீரை இழுக்கும். மூடியைச் சுற்றி ரப்பர் கேஸ்கட் போட்ட கடினமான செல்பேசிப் பெட்டி நீரில் ஒருபோதும் மூழ்காமலே நனைவதற்கு இது ஒரு காரணம். மூடிக்கும் பெட்டிக்கும் இடையிலான பள்ளத்தில் மழைநீர் தேங்கி நிற்கும். குளிரும் பெட்டி அதை உறிஞ்சிக்கொள்ளும். சோதனைச்சாலை 5 டிகிரி நிபந்தனை வைத்திருப்பது இந்த உறிஞ்சல் முடிவைக் குழப்பாமலிருக்கத்தான்.

உயரமும் இதையே செய்கிறது. சேலத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 980 மில்லிபார் என்றால் ஏற்காட்டில் அது 845 அளவில் இருக்கும். ஏற்காட்டில் குடித்து முடித்து மூடிய தண்ணீர் பாட்டில் அடிவாரத்தில் ஒடுங்கிக் கிடப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்த 135 மில்லிபார் வேறுபாடு செய்யும் வேலை அது. மேலே மூடிய கடினப் பெட்டி கீழே வரும்போது, சமவெளியின் வெப்பம் உள்காற்றைச் சிறிது விரியச் செய்வதைக் கழித்த பிறகும், வெளிக்காற்றைவிடச் சுமார் 100 மில்லிபார் குறைந்த அழுத்தத்தில் இருக்கும். நீர்க்கணக்கில் அது ஒரு மீட்டர், அதாவது ஏழாம் நிலைத் தொட்டியின் அதே ஆழம். வழியெல்லாம் மழை என்றால் பெட்டி அந்தச் சோதனையைச் சாலையிலேயே எழுதுகிறது. மாறாக, கீழே காற்று நிறைந்தபடி மூடிய மென்பவுச், மேலே குளிரின் சுருக்கம் போக, பத்தில் ஒரு பங்கு அளவுக்கு உப்பும். உப்பிய பவுச்சின் பூட்டில் இரு உதடுகளும் உள்ளிருந்து பிரிக்கப்படுகின்றன. இரண்டுக்கும் தீர்வு எளியது. மென்பவுச்சை மூடும் முன் உள்ளங்கையால் அழுத்தித் தேவையற்ற காற்றை வெளியேற்ற வேண்டும். கடினப் பெட்டியை இறங்கி முடித்ததும் துடைத்துவிட்டு ஒருமுறை திறந்து மூட வேண்டும். நீர்த்தடுப்புள்ள செல்பேசிகள் பலவற்றில், காற்றை விட்டு நீர்த்துளியைத் தடுக்கும் நுண்துளைச் சவ்வு ஒன்று இந்த அழுத்தச் சமநிலைக்காகவே பொருத்தப்பட்டிருக்கிறது.

பவுச்சுக்குள் தோன்றும் ஈரம் எல்லாம் கசிவு அல்ல. 30 டிகிரியில், 70 சதவீத ஈரப்பதத்தில் அடைபட்ட ஒரு லிட்டர் காற்றில் சுமார் 21 மில்லிகிராம் நீராவி இருக்கும். 16 டிகிரிக்குக் குளிரும்போது அதே காற்றால் 14 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகவே தாங்க முடியும், மீதி சுவரில் பனியாகப் படியும். 20 லிட்டர் ட்ரை பேக்கில் இது மொத்தம் இரண்டு மூன்று சொட்டுக்கு மேல் போகாது. படிவு மெல்லிய மூட்டமாக, சுவர் முழுவதும் ஒரே சீராக இருந்தால் அது உள்காற்றின் ஈரம்; ஒரு மூலையில் மட்டும் துளிகள் திரண்டு, பூட்டின் முனையிலிருந்து ஈரக்கோடு இறங்கியிருந்தால் அது கசிவு. ஈரத்துண்டை உள்ளே வைத்துவிட்டுப் பையைக் குறை சொல்வோரும் உண்டு.

ட்ரை பேக்கின் பூட்டு பவுச்சின் பூட்டிலிருந்து வேறுபட்டது. அதில் வாயை அடைக்க ரப்பர் எதுவும் இல்லை. விறைப்பான பட்டையைச் சுற்றித் துணி மூன்று நான்கு மடிப்பு உருளும்போது, நீர் உள்ளே வர வேண்டிய பாதை நீண்டு, குறுகி, பலமுறை திரும்புகிறது, அவ்வளவே. மழைக்கும் சிறிது நேரம் நீரில் விழுவதற்கும் அது போதும். ஆழத்தில் நெடுநேரம் கிடப்பதற்கு அது ஏற்றதன்று. ஒரே மடிப்புடன் பக்கிளைப் பூட்டிவிட்டால் பாதை நேராகிவிடும். பையைத் திணித்து நிரப்புவோர் செய்வது இதைத்தான்: மடிக்க இடமில்லாமல் போகிறது. தைத்த பையில் ஒவ்வொரு ஊசித்துளையும் ஒரு வாசல் என்பதால் உட்புறம் பட்டை ஒட்டி மறைக்கிறார்கள், நாளடைவில் அந்தப் பட்டை உரிகிறது. இரு துணிகளையும் உருக்கி இணைத்த பையில் துளையே இல்லை. கடையில் உட்புறத்தை வெளியே புரட்டிப் பார்த்தால் நூல் தெரிகிறதா, உருகிய தழும்பு தெரிகிறதா என்பது உடனே விளங்கும்.

வீட்டில் சோதிக்க ஒரு வாளி நீர் போதும், ஆனால் அதன் ஆழம் 30 சென்டிமீட்டர்தான் என்பதால் அது ஏழாம் நிலையின் மூன்றில் ஒரு பங்கு அழுத்தத்தையே தரும். காலிப் பவுச்சுக்குள் மடித்த டிஷ்யூ பேப்பரை வைத்துப் பூட்டி, அரை மணி நேரம் கனமான தட்டின் கீழ் அமிழ்த்தி எடுத்து, வெளிப்புறத்தை முழுதாகத் துடைத்த பிறகே திறக்க வேண்டும். இல்லையென்றால் பூட்டின் மேல் நின்ற துளி உள்ளே சொட்டி, நல்ல பவுச்சும் தோற்றதாகிவிடும். ட்ரை பேக்கைக் காற்றோடு மூடி நீருக்குள் அழுத்தினால் குமிழி எழும் இடமே கசியும் இடம். ஜிப் பவுச்சில் பெரும்பாலும் அது பூட்டின் கடைசி முனையாகவோ, பள்ளத்தில் சிக்கிய ஒரு மணல் துகளின் அருகாகவோ இருக்கும். துகள் என்றால் ஈரத்துணியால் வழித்துவிட்டு மீண்டும் சோதிக்கலாம். முனை வெண்மையாக வெளுத்து விறைத்திருந்தால் பிவிசி தன் நெகிழ்வை இழந்துவிட்டது, அந்தப் பவுச்சை இனி பர்சுக்கும் சாவிக்கும் ஒதுக்கிவிட வேண்டியதுதான்.