பெரட்டுச் சங்கு நின்ற பிறகு: உடம்புக்குள் ஓடும் கடிகாரம்



வேலையிலிருந்து ஓய்வு பெற்று சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் வாங்கியவர்கள் பலர் நலன்புரி அறைக்கு வந்து ஒரே முறைப்பாட்டைச் சொல்கிறார்கள். "ஐயா, மலைக்குப் போன காலத்துல படுத்தா எழும்புறது தெரியாது. இப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துருது. நெஞ்சு படபடன்னு அடிக்குது, ஏதோ கெட்டது நடக்கப் போற மாதிரி பயமா இருக்கு" என்கிறார்கள். டிஸ்பென்சரியில் பிரஷர் பார்த்தால் சிலருக்குச் சரியாகவே இருக்கிறது. அப்படியானால் கோளாறு எங்கே? பலருக்கு அது நாளின் ஒழுங்கு கலைந்து போனதில் இருக்கிறது. அதை மட்டும் இந்த முறை விளக்கமாகப் பார்ப்போம்.

உடம்புக்குள் என்ன கடிகாரம்?

நம் மூளையில், கண்களுக்குச் சற்றுப் பின்னால், ஒரு சிறிய இடம் இருக்கிறது. எப்போது தூக்கம் வர வேண்டும், எப்போது பசிக்க வேண்டும், எப்போது உடம்பு சூடாகி எழும்ப வேண்டும் என்பதை அதுதான் நடத்துகிறது. இந்தக் கடிகாரத்தின் உள்வேலையைக் கண்டுபிடித்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கடிகாரத்துக்கு ஒரு குணம் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு அது 24 மணித்தியாலத்தை விடக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். அதாவது ஒரு நாளைக்குச் சில நிமிடம் பிந்தும். பழைய சுவர்க் கடிகாரத்தை வானொலிச் சத்தம் கேட்டுத் தினமும் திருத்தி வைப்போமே, அதேபோல இதையும் தினமும் திருத்த வேண்டும். திருத்துவது காலை வெளிச்சம். அது தோல் வழியாக அல்ல, கண் வழியாகத்தான் உள்ளே போகிறது. காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளும். இரவில் படும் வெளிச்சம் அதைப் பின்னுக்கு இழுக்கும்.

மலையில் வேலை செய்த காலத்தில் நாம் இதைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. பெரட்டுச் சங்கு ஒரே நேரத்தில் எழுப்பியது. விடிந்ததும் வெட்டவெளியில் நின்றோம். தேத்தண்ணி, பகல் சாப்பாடு எல்லாம் நேரத்துக்கு நடந்தன. சங்கு நம்மை வேலைக்கு மட்டும் கூப்பிடவில்லை, உள்ளே இருந்த கடிகாரத்தையும் தினமும் திருத்திக்கொண்டிருந்தது. வேலை நின்ற அன்றைக்கு அந்த மூன்றும் ஒன்றாக நின்று போகின்றன.

காம்பிராவுக்குள் வெளிச்சம் போதாது

பழைய லயங்களில், முக்கியமாக முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய இரட்டை லயங்களில், பின்பக்கம் ஜன்னலே கிடையாது. குளிருக்குக் கதவையும் சாத்தினால் பகல் பத்து மணிக்கும் உள்ளே மங்கலாகத்தான் இருக்கும். பல்பு எரிகிறதே என்று நினைக்கலாம். நம் கண் இருட்டுக்குப் பழகிக்கொள்வதால் வித்தியாசம் தெரிவதில்லை. ஆனால் அளந்து பார்த்தால், மப்பும் மந்தாரமுமான காலையில்கூட வெளியில் உள்ள வெளிச்சம் காம்பிராவில் எரியும் பல்பின் வெளிச்சத்தைப் போலப் பல பத்து மடங்கு இருக்கும். அதனால், "இன்னைக்கு வெயில் இல்லையே, வெளியே உட்கார்ந்து என்ன பயன்?" என்று கேட்கக் கூடாது. மூடுபனியிலும் பயன் உண்டு, கொஞ்சம் கூடுதல் நேரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பயத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

விடிவதற்கு முன்பே உடம்பு நம்மை எழுப்பத் தயாராகிறது. அதற்காக ஒரு சுரப்பு இரத்தத்தில் கூடுகிறது, மெல்ல மெல்ல நெஞ்சின் அடியும் கூடும். கடிகாரம் சரியாக இருந்தால் இது நாம் கண் விழிக்கும் நேரத்தோடு பொருந்தும். கலைந்திருந்தால் பாதி இருட்டில், பாதித் தூக்கத்தில் உடம்பு விழித்துக்கொள்ளும். நெஞ்சு அடிப்பதைக் கேட்ட மனம் அதற்கு ஒரு காரணம் தேடும். கொழும்பில் இருக்கும் மகன், அடகு வைத்த தோடு, கடைக் கடன் எல்லாம் அந்த நேரத்தில்தான் வரிசையாக வந்து நிற்கும். அந்தக் கவலைகள் பொய்யில்லை. ஆனால் பகலில் ஒரு படி கனக்கும் கவலை இரவு இரண்டு மணிக்கு ஒரு மூட்டை கனக்கும். மறுநாள் தூக்கக் களைப்பு வந்து, சின்னச் சத்தத்துக்கும் உடம்பு திடுக்கிடும். இப்படியே அது ஒரு வட்டமாகிவிடுகிறது.

ஒரு தாயின் கதை

ஓய்வு பெற்று இரண்டு வருடமான ஓர் அம்மா. பெயர் வேண்டாம். அவருடைய நாளைக் கேட்டு எழுதினேன். மகன் வீட்டில் டெலிவிஷன் நாடகம் முடிய இரவு பத்தரை. சாப்பாடு ஒன்பதரைக்கு. இரண்டு மணிக்கு விழிப்பு வரும். பல்பைப் போட்டு, அடுப்பு மூட்டி, சாயம் கூடின தேத்தண்ணி குடிப்பார். நாலரைக்குத்தான் மீண்டும் கண் அசரும். எழும்பும்போது எட்டரை, ஒன்பது. அதற்குள் மகனும் மருமகளும் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போயிருப்பார்கள். அடுப்படியில் குந்தியிருப்பார். முதல் சாப்பாடு பதினொரு மணிக்கு. பகல் இரண்டிலிருந்து நாலு வரை தூக்கம்.

இதில் எங்கே பிழைக்கிறது என்று பாருங்கள். காலை வெளிச்சம் போய்விட்டது. இரவுத் தூக்கத்தில் இரண்டு மணித்தியாலத்தைப் பகல் தின்றுவிட்டது. நடு இரவில் போட்ட பல்பு, கடிகாரத்தை இன்னும் பின்னுக்கு இழுத்தது. தேத்தண்ணியின் வீரியம் பாதியாகக் குறையவே ஐந்து, ஆறு மணித்தியாலம் ஆகும்.

மாற்றியது இவ்வளவுதான்.

ஒன்று, எப்போது தூங்கினாலும் காலை ஐந்தே முக்காலுக்கு எழும்புவது. ஞாயிறும் அதே நேரம்தான். படுக்கும் நேரத்தை நம்மால் கட்டாயப்படுத்த முடியாது, தூக்கம் வரும்போதுதான் வரும். எழும்பும் நேரத்தைக் கட்டாயப்படுத்தலாம். ஆகவே அதைப் பிடித்துக்கொண்டோம்.

இரண்டு, முகம் கழுவி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளியே வருவது. நம் மலைநாட்டில் வருடம் முழுவதும் ஏறக்குறைய ஐந்து ஐம்பதுக்கும் ஆறரைக்கும் இடையில் சூரியன் உதிக்கிறது. மலை மறைத்தாலும் வானம் வெளுத்திருந்தால் போதும். வெயில் நாளில் அரை மணித்தியாலம், மூடுபனி நாளில் முக்காலிலிருந்து ஒரு மணித்தியாலம். அந்த அம்மா இஸ்தோப்பின் விளிம்பில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தார், பிறகு பீலிக்கரை வரை நடந்தார். மழை நாளில் கூரைக்குக் கீழே வானத்தைப் பார்த்த பக்கம் உட்கார்ந்தால் சரி. சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது, கண் கெட்டுவிடும்.

மூன்று, சாப்பாட்டு நேரம். ஈரலுக்கும் குடலுக்கும் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு. அவற்றைத் திருத்துவது சாப்பாடு. காலை ஏழேகாலுக்கு ரொட்டியும் சம்பலும், பகல் பன்னிரண்டரைக்குச் சோறு, இரவு ஏழு மணிக்குச் சாப்பாடு என்று வைத்தோம். கடைசித் தேத்தண்ணி பகல் இரண்டு மணிக்கு. பகலில் கண் அசந்தால் இருபது நிமிடம், அதுவும் இரண்டு மணிக்கு முன்.

இரவில் விழிப்பு வந்தால் பல்பையோ போனையோ தொடாமல் படுத்திருப்பது. கவலை பெருகினால் எழுந்து இருட்டிலேயே கம்பளியோடு உட்கார்ந்திருந்து, கண் சொருகும்போது படுப்பது.

முதல் நான்கு நாள் அவருக்கு மிகவும் கஷ்டம். "பகல்ல தலை சுத்துது, ராத்திரியும் முழிப்பு வருது, இது சரிவராது" என்று சொன்னார். இந்த இடத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆறாவது இரவு இரண்டு மணிக்கு விழித்தவர் கொஞ்ச நேரத்திலேயே திரும்பத் தூங்கிவிட்டார். இரண்டாவது கிழமை முடிவில் விழிப்பு கிழமைக்கு இரண்டு நாளாகக் குறைந்தது. பிறகு ஒரு சாவீட்டில் இரவு முழிக்க வேண்டி வந்து, மறுநாள் ஒன்பது வரை தூங்கியதில் பழைய படபடப்பு திரும்பி வந்தது. அடுத்த நாளே ஐந்தே முக்காலுக்கு எழும்பியதால் மூன்று நாளில் சரியாகிவிட்டது. மகனுடைய பணம் பிந்தினால் இன்றும் அவருக்குக் கவலைதான். ஆனால் அந்தக் கவலை பகலில் வருகிறது, பகலில் அதைப் பேசித் தீர்க்க ஆள் இருக்கிறது.

எப்படிக் கணக்குப் பார்ப்பது?

பிள்ளையின் பழைய கொப்பியில் 14 நாளுக்குக் கோடு போடுங்கள். எழும்பிய நேரம், வெளியே இருந்த நேரம், மூன்று சாப்பாட்டு நேரம், இரவில் விழித்தது எத்தனை முறை, காலையில் பயம் கொஞ்சமா கூடவா. எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளைக் கொண்டு எழுதிக்கொள்ளலாம். ஒரு நாளைப் பார்த்து முடிவு செய்யாமல் முதல் கிழமையையும் இரண்டாம் கிழமையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

யாருக்கு இது பொருந்தாது?

ஃபெக்டரியில் இரவு வேலை செய்பவர்களுக்கு மேலே சொன்ன நேரங்கள் சரிவராது. வேலை முடிந்து வந்தவுடன் வெயிலில் உட்கார்ந்தால் தூக்கம் கலையும். தொப்பியைத் தாழ்த்திப் போட்டு நேரே வீட்டுக்கு வந்து, காம்பிராவின் இருட்டான பக்கத்தில் படுங்கள். இங்கே ஜன்னல் இல்லாதது ஒரு வசதி. இரவு வேலை நடக்கும் நாட்களில் பகல் எழும்பும் நேரத்தை ஒன்றாக வைத்து, எழும்பியதும் வெளிச்சத்துக்கு வாருங்கள், சாப்பிடுங்கள்.

சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் சாப்பாட்டு நேரத்தை மாற்றுவதற்கு முன் டாக்டரிடம் கேட்க வேண்டும். மனநோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் அதை நிறுத்திவிட்டு வெயிலை நம்பக் கூடாது. நெஞ்சு நோவு, மூச்சு வாங்குதல், உடம்பு மெலிதல், கை நடுக்கம் இருந்தால் அது கடிகாரக் கோளாறு என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். இரத்தக் குறைவுக்கும் தைரொயிட் கோளாறுக்கும்கூட நெஞ்சு படபடக்கும், ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். இரண்டு கிழமைக்கு மேலாக எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தாலோ, சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தாலோ, அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

கொப்பியில் கோடு போட்டுத் தொடங்கியவர்கள் 14 நாள் முடிந்ததும் அதை நலன்புரி அறைக்குக் கொண்டு வாருங்கள். எந்த நாளில் எது தவறியது என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

நலன்புரி உத்தியோகத்தர்